முட்டிய எங்க அளக்கணும்னு லிஸ்டிங்ல எழுதாம விட்டதால நான் பட்ட பாடு

வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு சர்ஜிகல் கடைல ஆறு வருஷம் கவுண்டர்ல வேலை பாத்தேன். முட்டில மாட்டற நீ கேப், இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டை, ஹீட்டிங் பேட் எல்லாம் கைல எடுத்து அளந்து போட்டு விட்டு பழக்கம். வங்காளத்துல இருந்து வந்து லாட்ஜ்ல தங்கி வைத்தியம் பாக்கறவங்க, ஆம்பூர் ஷூ கம்பெனில வேலை செய்யற பொண்ணுங்க, ஆரணி பக்கம் தறில உக்கார்றவங்கன்னு எல்லாரும் வருவாங்க. பாஷை தெரியலன்னாலும் பிரச்சன இல்ல, கால நீட்ட சொல்லி டேப்ப சுத்தினா சைஸ் தெரிஞ்சிடும், போட்டு ரெண்டு எட்டு நடக்க சொன்னா சரியா இல்லையான்னு மூஞ்சிலயே தெரிஞ்சிடும்.

அப்புறம் கொழந்த பொறந்து வேலைய விட்டுட்டு, சத்துவாச்சாரில எங்க வீட்டு மாடி ரூம்லயே சரக்கு வச்சு ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சேன். இந்தப் பொருள் எனக்கு நல்லா தெரியும், இதுல என்ன தப்பு வந்துடப் போகுதுன்னு நெனச்சேன். ஆனா தெரிஞ்சதெல்லாம் என் கைல தான் இருந்துச்சு, லிஸ்டிங்ல ஒரு வரி கூட இல்ல. முதல்ல போட்ட நீ கேப் லிஸ்டிங் மொத்தமே இவ்வளவு தான்: மொத்த வியாபாரி குடுத்த அட்டைல இருந்த படம், "மூட்டு வலி, மூட்டு தேய்மானத்துக்கு நிரந்தர தீர்வு"ன்னு அதே அட்டைல இருந்த வரி, கீழ எஸ், எம், எல், எக்ஸ்எல். அவ்வளவு தான்.

ரெண்டு மாசம் கழிச்சு குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு. அவங்க அம்மா பீடி சுத்தறவங்க, தரையில கால மடக்கி உக்காந்தே இருக்கறதால முட்டி வலின்னு என்கிட்ட ஒரு நீ கேப் வாங்கியிருக்காரு. "அக்கா, எங்கம்மாவுக்கு பாதம் வீங்கிருக்கு, மரத்துப் போகுதுன்றாங்க, உங்க கேப் போட்டதுல இருந்து தான்"னாரு. நான் ஆடிப்போயிட்டேன். மொதல்ல அத கழட்ட சொன்னேன், இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன், அப்புறம் தான் என்ன நடந்துச்சுன்னு ஒவ்வொன்னா கேட்டேன்.

நடந்தது இது தான். சைஸ் எப்படி எடுக்கறதுன்னு என் லிஸ்டிங்ல இல்ல, அதனால அந்த தம்பி அம்மா நைட்டி என்ன சைஸ்னு பாத்து எல் போட்டுட்டாரு. எல் அவங்களுக்கு லூசு, நாலு எட்டு நடந்தா கீழ எறங்கிடுது. எறங்காம இருக்க அந்தம்மா பழைய பொடவ கரைய கிழிச்சு முட்டிக்கு மேல இறுக்கி ஒரு கட்டு கட்டியிருக்காங்க. அந்தக் கட்டு தான் ரத்த ஓட்டத்த அமுக்கி பாதத்த வீங்க வச்சிருக்கு. சரி, வலிச்சா அவுத்துட வேண்டியது தானேன்னு கேட்டா, "நிரந்தர தீர்வுன்னு போட்டிருக்கே நைனா, ராப்பகலா போட்டா தானே சீக்கிரம் சரியாவும்"னு மகன்கிட்ட சொல்லியிருக்காங்க. தூங்கும்போது கூட கழட்டல. முட்டி நல்லா வீங்கி சூடா இருந்தும், கேப் போட்டிருக்கோமேன்னு டாக்டர்கிட்ட போறத ரெண்டு மாசம் தள்ளிட்டாங்க.

நல்லவேளையா கட்ட அவுத்த ரெண்டு நாள்ல பாத வீக்கம் எறங்கிடுச்சு, முட்டிக்கு டாக்டர் தனியா வைத்தியம் பாத்தாரு. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நான் எழுதாம விட்ட அளவும், நான் எழுதின அந்த ஒரு வரியும் சேர்ந்து தான் அந்தம்மா கால்ல கட்டா விழுந்திருக்கு. மறுநாள் எல்லா லிஸ்டிங்கயும் நிறுத்திட்டு முதல்ல இருந்து எழுத உக்காந்தேன்.

அளவுல இருந்து ஆரம்பிச்சேன். டப்பால "எம் 36-40 செமீ"ன்னு போட்டிருக்கு, ஆனா அந்த 36 முட்டியோட நடுவுலயா, முட்டிக்கு மேல தொடைலயான்னு எங்கயும் இல்ல. இது சின்ன விஷயம் இல்லங்க. சில கம்பெனி முட்டிச் சில்லு மேலயே சுத்தி அளக்க சொல்லுவாங்க, சில கம்பெனி முட்டிக்கு நாலு இஞ்ச் மேல அளக்க சொல்லுவாங்க. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாக்க எங்க மாமியார் கால அளந்தேன். முட்டி நடுவுல 39 செமீ, நாலு இஞ்ச் மேல 46 செமீ. அந்த டப்பா சார்ட்ல எஸ் 32-36, எம் 36-40, எல் 40-44, எக்ஸ்எல் 44-48. அப்போ ஒரே கால், ஒரு எடத்துல அளந்தா எம், இன்னொரு எடத்துல அளந்தா எக்ஸ்எல். நடுவுல ஒரு சைஸயே தாண்டிப் போயிடுது. கஸ்டமர் தப்பா வாங்கினாங்கன்னு நாம சொல்றதெல்லாம் பாதி நேரம் இந்தக் கத தான்.

கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டேன், முட்டி நடுவுல, நின்னுக்கிட்டு, கால் நேரா இருக்கும்போதுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னத அப்படியே நம்பாம எம் ஒன்ன எடுத்து மாமியாருக்குப் போட்டு அர மணி நேரம் வீட்டுக்குள்ள நடக்க சொன்னேன். மாடிப்படி ஏறி எறங்கினாங்க. கேப் கீழ எறங்கல, மேல் ஓரம் சுருளல, கழட்டினப்ப தோல்ல லேசா தடம் இருந்து கொஞ்ச நேரத்துல மறைஞ்சிடுச்சு. அப்புறம் தான் அந்த சார்ட்ட லிஸ்டிங்ல போட்டேன். நீங்க விக்கறவங்களா இருந்தா அளக்கற எடம் தெரியாம ஒரு சார்ட்டயும் போடாதீங்க, வேற கம்பெனி சார்ட்ட எடுத்து ஒட்டறது அதவிட மோசம்.

இன்னொரு சிக்கல், 40 செமீ இருக்கறவங்க எம் எடுக்கணுமா, எல் எடுக்கணுமா? சார்ட்ல ரெண்டுலயும் 40 இருக்கு. கம்பெனிட்ட கேட்டதுக்கு பெருசு எடுக்க சொன்னாங்க, அதனால நான் எம் 36 முதல் 39.5 வரை, எல் 40 முதல்னு தெளிவா பிரிச்சு எழுதிட்டேன். டேப் இல்லாதவங்களுக்கு ஒரு வரி: பாவாட நாடாவயோ நூலயோ முட்டி நடுவுல சுத்தி, சேர்ற எடத்துல பேனால குறிச்சு, அத ஸ்கேல்ல வச்சுப் பாருங்க. இறுக்கி இழுக்காதீங்க, தோல தொட்டா போதும். எந்தக் கால்ல போடப் போறீங்களோ அந்தக் கால அளங்க, ரெண்டு காலும் ஒன்னா இருக்காது. செமீயா இஞ்சான்னு கேக்காம யார் அளவயும் எடுத்துக்கறது இல்ல, ஏன்னா "16"னு ஒருத்தர் அனுப்பினா அது இஞ்ச்சுன்னு தெரிஞ்சாலும் திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிட்டு தான் பேக் பண்ணுவேன்.

அளவு சரியா இருக்குன்னு வீட்ல எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னும் எழுதினேன். போட்டதும் மேல் ஓரத்துல ரெண்டு விரல் நுழையணும். பாதம் மரத்தாலோ, ஜில்லுன்னு ஆனாலோ, நெறம் மாறினாலோ, வீங்கினாலோ உடனே கழட்டணும். லூசா இருந்தா மேல எதுவும் கட்டாதீங்க, திருப்பி அனுப்புங்க, மாத்தித் தர்றேன். இந்தக் கடைசி வரி குடியாத்தத்து அம்மாவுக்காகவே எழுதினது.

ஒன்னா ஜோடியான்னும் சொல்லணும். என் பழைய படத்துல ரெண்டு கால்லயும் கேப் இருந்துச்சு, விலை ஒன்னுக்கு. எத்தன பேர் ஏமாந்த மாதிரி நெனச்சிருப்பாங்களோ. இப்போ தலைப்புலயே "1 கேப், ஜோடி இல்ல"ன்னு இருக்கு. பாக்கெட் மேல இருக்கற எம்ஆர்பி, தயாரிச்சவங்க பேர் விலாசம், எந்த நாட்டுல செஞ்சதுன்றதயும் லிஸ்டிங்ல போட்டாகணும், அது சட்டம்.

மெட்டீரியல் விஷயத்துக்கு வர்றேன். வியாபாரி "காட்டன் கேப்"னு தான் சொல்லுவாரு, பில்லுலயும் அப்படித் தான் இருக்கும். உள்ள தச்சிருக்கற லேபிளப் பாத்தா நைலான், பாலியஸ்டர், ரப்பர் நூல். லேபிள்ல இருக்கறத மட்டும் எழுதுங்க, லேபிள் இல்லன்னா காட்டன்னு நீங்களா சேக்காதீங்க. ரப்பர் நூல் லேடெக்ஸா இல்லையான்னு கம்பெனிட்ட கேட்டு எழுதறது ரொம்ப முக்கியம், சில பேருக்கு லேடெக்ஸ் ஒத்துக்காம அரிப்பு தடிப்புன்னு வரும். நியோப்ரீன்னு ஒன்னு இருக்கு, கறுப்பா ஸ்பாஞ்சு மாதிரி, அது சூட்ட உள்ளயே வச்சுக்கும், காத்து போகாது. குளிர்ல அது சுகம். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் அதப் போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா வேர்த்து ஊறி தோல் வெந்த மாதிரி ஆயிடும். அதனால நான் நியோப்ரீன் கேப் லிஸ்டிங்ல "வேர்க்கும், வெயில் காலத்துல நடுநடுவே கழட்டித் துடைச்சுக்கங்க, காயமோ புண்ணோ இருந்தா மேல போடாதீங்க"ன்னு மறைக்காம எழுதறேன். இத எழுதினா விக்காதுன்னு எங்க வீட்டுக்காரர் பயந்தாரு, ஆனா வேர்க்குதுன்னு வர்ற ரிட்டர்ன் தான் கொறஞ்சிருக்கு.

தொவைக்கறதுக்கும் ஒரு வரி. சாதா தண்ணில கைல அலசணும், முறுக்கிப் பிழியக் கூடாது, நெழல்ல காயப் போடணும், வெல்க்ரோ இருந்தா ஒட்டிட்டு அப்புறம் தொவைக்கணும். இல்லன்னா அந்தக் கொக்கி எல்லா நூலயும் இழுத்துடும்.

இப்போ அந்த "நிரந்தர தீர்வு". இந்தக் கேப் என்ன செய்யும்னு எனக்கு நல்லா தெரியும். முட்டிய சுத்திப் பிடிச்சு ஒரு தாங்கல் குடுக்கும், கொஞ்சம் கதகதப்பா வச்சிருக்கும், நடக்கும்போது படி ஏறும்போது ஒரு தைரியம் வரும், சில பேருக்கு போட்டிருக்கற நேரம் வலி கொஞ்சம் கம்மியா தெரியும். தேஞ்சு போன குருத்தெலும்ப வளர வைக்காது, வாதத்த ஆத்தாது, ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு அது முடிவு பண்ணாது. அதனால "குணமாகும்", "தேய்மானம் சரியாகும்", "ஆபரேஷன் தேவையில்லை", "டாக்டர்கள் பரிந்துரைக்கும்" எல்லாத்தயும் எடுத்துட்டேன். கடைசிதுக்கு எந்த டாக்டர்னு யாராவது கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

சட்டப் பக்கமும் இருக்கு. 1954ல வந்த மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம்னு ஒன்னு, இன்னின்ன நோய குணமாக்கும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அதுல ஒரு பட்டியலே இருக்கு, வாதம்னு நாம சொல்ற ரூமாட்டிசம் அதுல இருக்கு. தொப்பையக் கரைக்கும்னு பெல்ட் விக்கறவங்களும் பாத்துக்கங்க, உடல் பருமனும் அந்தப் பட்டியல்ல இருக்கு. 2019 நுகர்வோர் சட்டத்துல பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட முடியும்.

ஆனா வரிய எடுத்துட்டா மட்டும் முடியலங்க, அது எனக்கு அப்புறமா தான் புரிஞ்சுது. வாக்குறுதி வேற எடத்துல ஒளிஞ்சிருக்கும். படத்துல முட்டி செவப்பா எரியற மாதிரியும் பக்கத்துல கேப் போட்டதும் பச்சையா மாறற மாதிரியும் இருந்துச்சு, ஒரு எழுத்து கூட இல்லாம அந்தப் படம் குணமாகும்னு சொல்லுது. அத தூக்கிட்டு மாமியார் கால்லயே போட்டு முன்னாடி, பின்னாடி, உள் பக்கம் திருப்பின மாதிரின்னு மூணு போட்டோ எடுத்துப் போட்டேன். ஒரு கஸ்டமர் "இத போட்டு என் வாதம் போயிடுச்சு"ன்னு சந்தோஷமா எழுதியிருந்தாங்க, அத பெருசா எடுத்து விளம்பரத்துல ஒட்டியிருந்தேன். அவங்க சொன்னது அவங்க அனுபவம், நான் எடுத்து ஒட்டினா அது என் வாக்கு. அதயும் எடுத்துட்டேன்.

வாட்ஸ்அப்ல பதில் சொல்றது தான் இன்னும் கஷ்டம். "இத போட்டா வலி போயிடுமாக்கா?"ன்னு ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தங்க கேக்கும்போது, போயிடும்மான்னு சொல்ல மனசு தவிக்கும். நான் இப்போ எழுதறது: "நடக்கறப்ப தாங்கலா இருக்கும்மா, வலிக்குக் காரணம் என்னன்னு டாக்டர் தான் பாக்கணும். திடீர்னு வீக்கம், சூடு, காய்ச்சல், காலே ஊன முடியலன்னு இருந்தா கேப் வாங்காதீங்க, மொதல்ல டாக்டர்கிட்ட போங்க." கெண்டக்கால்ல வலியும் வீக்கமும்னு யாராவது சொன்னா நான் விக்கறதே இல்ல. அது உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சதாவும் இருக்கலாம்.

இடுப்பு பெல்ட்டுக்கும் இதே வழி தான், அளவுல மட்டும் ஒரு வித்தியாசம். ஆம்பளைங்க எல்லாரும் பேன்ட் சைஸ சொல்லுவாங்க. பேன்ட்ட தொப்பைக்குக் கீழ எறக்கி தானே போடறாங்க, 34 பேன்ட் போடறவருக்கு தொப்புள் மட்டத்துல சுத்தினா 39 இஞ்ச் வருது. பெல்ட் உக்கார்ற எடத்துல தான் அளக்கணும், நான் விக்கற பெல்ட்டுக்கு அது தொப்புள் மட்டம், அதனால "பேன்ட் சைஸ் வேண்டாம், டேப்பால அளங்க"ன்னு முதல் வரி. முதுகுல இருக்கற பட்டி உலோகமா பிளாஸ்டிக்கா, எத்தன, கழட்ட முடியுமான்னு எழுதினா போதும். ராணிப்பேட்டைல குடோன் வச்சிருக்கற ஒருத்தர் லோடு ஏத்தறவங்களுக்கு 10 பெல்ட் கேட்டாரு, "போட்டா இடுப்பு பிடிக்காதுல்ல?"ன்னு. அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்ப ஆராயற நியோஷ் அமைப்பு 1994லயே நல்லா இருக்கற தொழிலாளிக்கு பெல்ட் அடிபடறத தடுக்கும்னு சொல்ல ஆதாரம் பத்தலன்னு சொல்லிட்டாங்க, அத அவர்கிட்ட சொன்னேன். டாக்டர் போட சொன்ன ரெண்டு பேருக்கு மட்டும் வாங்கிக்கிட்டாரு, மூட்டையோட எடைய கொறச்சுக் கட்ட முடியுமான்னு பாருங்கண்ணான்னு சொல்லி அனுப்பினேன்.

ஹீட்டிங் பேட்ல குணம்ன்றதுக்கு மேல பயம் வேற இருக்கு, சூடு வச்சுடும். கரண்ட் பேடா, சுடுதண்ணி ரப்பர் பையா, ஜெல் பையான்னு தலைப்புலயே தெரியணும். கரண்ட் பேடுன்னா எத்தன வாட்ஸ், ஒயர் எவ்வளவு நீளம், தானா ஆஃப் ஆகுமா ஆகாதா, உறைய கழட்டித் தொவைக்கலாமா, பேட் நீளம் அகலம் என்ன. தானா ஆஃப் ஆகாத பேடுன்னா அத தனி வரியா, பெருசா போடறேன். 15, 20 நிமிஷம் ஒத்தடம் குடுத்தா போதும், அத மேல போட்டுக்கிட்டு தூங்கக் கூடாது, மடிச்சோ ஊசி குத்தியோ வைக்கக் கூடாது, பெல்ட்டுக்குள்ள வச்சுக் கட்டக் கூடாது. சுகர் இருந்து கால் மரத்துப் போனவங்க டாக்டர கேக்காம போடவே கூடாது, சுடறது அவங்களுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த அப்புறம் தான் தெரியும். தைலம் தேச்ச எடத்துல மேல சூடு வைக்காதீங்கன்றதயும் சேத்தேன். நம்ம வீடுகள்ல தைலம் தேச்சுட்டு மேல ஒத்தடம் குடுக்கறது தான் வழக்கம், கவுண்டர்ல இருந்தப்ப தோல் பொசுங்கி வந்தவங்கள ரெண்டு மூணு பேர பாத்திருக்கேன்.

குடியாத்தத்து தம்பி நாலு மாசம் கழிச்சு மறுபடி கேட்டாரு, டாக்டர் நடக்கும்போது மட்டும் போட்டுக்க சொல்லியிருக்காராம். நூல வச்சு அளந்து ஸ்கேலோட போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாரு, 37 செமீ. எம் அனுப்பினேன், கூடவே ஒரு துண்டுச் சீட்டுல "ராத்திரி கழட்டிடுங்கம்மா"ன்னு எழுதி வச்சேன்.

ஒவ்வொரு புது லாட் வரும்போதும் ஒவ்வொரு சைஸ்லயும் ஒன்ன எடுத்து தட்டையா வச்சு அகலம் அளந்து நோட்ல எழுதி வைக்கறேன். பழைய லாட்ல எம் தட்டையா 15.5 செமீ, எஸ் 14. போன வாரம் வந்ததுல எம்மே 14 தான் இருக்கு, டப்பால அதே 36-40. மாமியார் போட்டுப் பாத்துட்டு கெண்டக்கால புடிக்குதுன்றாங்க. அந்த லிஸ்டிங்ல எம்ம நிறுத்தி வச்சிருக்கேன், கம்பெனிக்கு ரெண்டு லாட்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல.